அந்த நாலு நாள் எப்படி இருந்தது?

பழைய மருந்துச் சீட்டில் ‘பைபோலார்’ என்று எழுதியிருந்தால், அந்தச் சொல்லைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு நோயாளியிடம் முதலிலிருந்து கேளுங்கள். முன்பு பார்த்த மருத்துவர்மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மார்க் ஸிம்மர்மன் குழுவினர், பைபோலார் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த 145 பேரைக் கட்டமைத்த நேர்காணல் மூலம் மறுபடி மதிப்பிட்டு, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் உறுதியானவர்கள் பாதிக்கும் குறைவு. இரண்டாண்டுகள் கழித்து அதே தரவுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு முன்பு எப்போதோ பைபோலார் என்று தவறாகச் சொல்லப்பட்டிருந்தது.

மறுபக்கத் தவறும் குறைவில்லை. பைபோலார் உள்ளவர்கள் பல ஆண்டுகள் வெறும் மனச்சோர்வு நோயாளிகளாக மாத்திரை வாங்கிப் போவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கையில் வெட்டுத் தழும்பு தெரிந்ததும் ‘ஆளுமைக் கோளாறு’ என்று முடிவுகட்டி, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் விடுவதும் நடக்கிறது. தழும்பு ஒரு நோயின் கையெழுத்து அல்ல. பைபோலார் நோயாளிகளும் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள்.

இரு பக்கமும் தவறு நேர்வதற்குக் காரணம் ‘மூட் மாறிக்கிட்டே இருக்கு’ என்ற ஒரே முறையீடு. காய்ச்சல் என்ற சொல்லை மட்டும் வைத்து மலேரியாவையும் டைபாய்டையும் யாரும் பிரிப்பதில்லை. எப்போது ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, எப்படி இறங்கியது என்று பதிவேட்டைப் பார்க்கிறோம். மனநிலைக்கு அப்படியொரு பதிவேடு கட்டிலின் தலைமாட்டில் தொங்குவதில்லை. கேட்டுக் கேட்டு நாம்தான் வரைய வேண்டும். வினாத்தாள்கள் இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்ப வேண்டாம். பரவலாகப் பயன்படும் ‘மூட் டிஸார்டர் க்வெஸ்சனேர்’ 13 அறிகுறிகளை ஆம், இல்லை என்று கேட்கிறது. எரிச்சலில் கத்தியதுண்டா, கைமீறிச் செலவு செய்ததுண்டா, எண்ணங்கள் ஓடியதுண்டா, ஆபத்தான காரியங்களில் இறங்கியதுண்டா என்பவை அவற்றில் சில. பார்டர்லைன் தன்மையுள்ள ஒருவர் இவை எல்லாவற்றுக்கும் நேர்மையாக ‘ஆம்’ என்பார். ஸிம்மர்மன் குழு சோதித்தபோது, இந்தத் தாளில் தேறியவர்களுக்கு பைபோலார் இருக்கும் வாய்ப்பும் பார்டர்லைன் இருக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

ஆகவே ஒரே ஒரு நோயாளியை நிதானமாகப் பார்ப்போம். கற்பிப்பதற்காகப் பலருடைய விவரங்களைக் கலந்து அமைத்த நோயாளி இவர்.

24 வயதுப் பெண். துணிக்கடை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. காதலனோடு நடந்த சண்டைக்குப் பிறகு கையில் கிடைத்த மாத்திரைகளை விழுங்கி, அவசரப் பிரிவில் இரண்டு நாள் இருந்து, அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். பழைய சீட்டில் பைபோலார், வேல்ப்ரோயேட் 1000 மில்லிகிராம். ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு படி ஏறி அந்த அளவுக்கு வந்திருக்கிறது. முன்கையில் பழைய தழும்புகள். ‘எப்பவாவது ரொம்ப உற்சாகமா, வழக்கத்துக்கு மாறா இருந்திருக்கீங்களா?’ என்று பயிற்சி மருத்துவர் கேட்டதும் உடனே பதில் வருகிறது: ‘போன மாசம்கூட. நாலு நாள் தூங்கவே இல்ல டாக்டர். ரெக்கை முளைச்ச மாதிரி இருந்துச்சு.’

நாலு நாள், தூக்கமின்மை, உற்சாகம். ஹைப்போமேனியாவுக்கு டி.எஸ்.எம்.-5 கேட்கும் குறைந்தபட்சக் காலமும் தொடர்ச்சியாக நான்கு நாள்தான். கேஸ் ஷீட்டில் ‘ஹைப்போமேனியா வரலாறு உண்டு’ என்று எழுதக் கை துடிக்கும் இடம் இது. இங்கேதான் நிறுத்த வேண்டும். அந்த நாலு நாளையும் மணிக்கணக்கில் பிரித்துக் கேட்க வேண்டும்: முதல் நாள் சாயந்தரம் எங்கே இருந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மறுநாள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், வேலைக்குப் போனீர்களா, சாப்பிட்டீர்களா, யாருடன் பேசினீர்கள்?

அப்படிக் கேட்டபோது வந்தது இது. வெள்ளிக்கிழமை அந்தப் பையன் காதலைச் சொல்கிறான். விடிய விடியப் போன் பேச்சு. சனிக்கிழமை விடுப்பு, மதியம்வரை தூக்கம். சாயந்தரம் அவன் இரண்டு மணி நேரம் போனை எடுக்கவில்லை. ‘விட்டுட்டான்னே முடிவு பண்ணிட்டேன். உடம்பெல்லாம் நடுங்குச்சு. அப்பத்தான் கையை அறுத்துக்கிட்டேன்.’ ஒன்பது மணிக்கு அவன் அழைக்கிறான், பத்து நிமிடத்தில் மறுபடி வானத்தில் பறக்கிறார். ஞாயிறும் இதே ஏற்ற இறக்கம். திங்கட்கிழமை கடையில் கண் சொருகி, தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறார். கணக்கில் பிழை வந்து மேலாளரிடம் திட்டு வாங்குகிறார். செவ்வாய் இரவு அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிடுகிறார்.

இதில் நாலு நாள் இருக்கிறது, ஹைப்போமேனியா இல்லை. ஏன் இல்லை என்பதை மாணவர்கள் தங்கள் சொற்களில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஹைப்போமேனியாவில் மாறிய மனநிலை, அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் பெரும்பகுதி நேரம் நிற்க வேண்டும். இவருக்கு அது நிற்கவில்லை. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரத்தில் பாதாளத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அடுத்தது தூக்கம். தூக்கம் வராமல் இருப்பது வேறு, தூக்கம் தேவைப்படாமல் இருப்பது வேறு. மூன்று மணி நேரம் தூங்கி, மறுநாள் சோர்வே இல்லாமல் ஓடியாடுவதுதான் ஹைப்போமேனியாவின் அடையாளம். இவர் இழந்த தூக்கத்துக்கு மறுநாளே விலை கொடுத்திருக்கிறார். ‘தூங்கலையா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் இந்த வித்தியாசம் கிடைக்காது. ‘மறுநாள் பகல் எப்படிப் போச்சு?’ என்ற கேள்விதான் அதைக் கொண்டுவருகிறது.

மூன்றாவது, ஆற்றல். 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5, மேனியா, ஹைப்போமேனியா இரண்டுக்கும் மனநிலை மாற்றத்தோடு ஆற்றலோ செயல்பாடோ கூடியிருப்பதையும் கட்டாய நிபந்தனையாக்கியது. அந்த மாற்றம் நமக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி என்று நினைக்கிறேன். மகிழ்ச்சியாக இருந்தேனா என்பது நினைவில் எளிதில் நிறம் மாறும்; என்ன செய்தேன் என்பது அவ்வளவு எளிதில் மாறாது. அந்த நாலு நாளில் புதிதாக எதைத் தொடங்கினீர்கள் என்று கேட்டால் இவரிடம் பதில் இல்லை. துணிகூடத் துவைக்காமல் கிடந்திருக்கிறது. எல்லா ஆற்றலும் ஒரு போனைச் சுற்றியே இருந்திருக்கிறது.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசைகாட்டும்: ‘காரணம் இருந்தால் பார்டர்லைன், காரணமில்லாமல் வந்தால் பைபோலார்.’ இந்த விதி பாதி உண்மை என்பதாலேயே அதிகம் கெடுக்கிறது. பைபோலார் வீச்சுகளுக்கும் முன்நிகழ்வு இருக்கும். கல்யாண வீட்டில் கண்விழித்த இரவுகள், பிரசவம், மரணம் எதுவும் மேனியாவைக் கிளப்பிவிடலாம். எதிர்ப்பக்கத்தில், காதலன் குரலில் இருந்த ஒரு சிறு தயக்கம் தன்னைக் குலைத்தது என்பதைப் பார்டர்லைன் நோயாளியால் பல வேளை அடையாளம் காண முடியாது. ‘சும்மாவே மூட் போயிடுச்சு’ என்பார். ஆகவே காரணம் இருந்ததா என்பதைவிட, அந்தக் காரணம் நீங்கியதும் என்ன ஆனது என்பது கூர்மையான கேள்வி. அழைப்பு வந்ததும் பத்து நிமிடத்தில் மாறிய மனநிலை, உறவின் கையில் இருந்தது. ஹைப்போமேனியா தொடங்கிவிட்டால் தன் வேகத்தில் ஓடும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ அதைச் சற்று அசைக்கலாம், நிறுத்திவிடாது.

ஊசலாட்டம் எந்த இரண்டு முனைகளுக்கு இடையில் என்பதையும் கவனிக்க வேண்டும். 2001-இல் ஹென்றியும் உடன்பணியாளர்களும் செய்த ஆய்வில், இரண்டாம் வகை பைபோலார் உள்ளவர்கள் சோர்வுக்கும் மகிழ்வெழுச்சிக்கும் இடையே அதிகம் ஊசலாடினார்கள். பார்டர்லைன் உள்ளவர்களிடம் இயல்புநிலைக்கும் கோபத்துக்கும் இடையிலான மாற்றம் மேலோங்கியிருந்தது. நமது நோயாளியிடம் ‘அந்த நேரத்துல என்ன உணர்ச்சி?’ என்று ஒவ்வொரு இறக்கத்தையும் கேட்டால் கோபம், பதற்றம், கைவிடப்படுவோம் என்ற பயம், அப்புறம் ‘உள்ள காலியா இருக்கு’ என்ற வெறுமை என்று வருகிறது. சோகம் அரிதாகவே வருகிறது. பார்டர்லைனுக்கு டி.எஸ்.எம். சொல்லும் ஒன்பது அளவுகோல்களில் ஐந்து போதும். கைவிடப்படுவதைத் தவிர்க்கத் துடிப்பது, தூக்கிவைத்துக் கொண்டாடியவரையே மறுநாள் வெறுக்கும் உறவுகள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, மணிக்கணக்கில் மாறும் உணர்வுகள், நாள்பட்ட வெறுமை ஆகிய ஐந்தும் பள்ளிக்காலத்தின் இறுதியிலிருந்தே இவருக்கு இருந்திருக்கின்றன. 

பயிற்சி மருத்துவர் இந்த இடத்தில் கோப்பை மூடத் தயாராகிவிட்டார். பைபோலார் இல்லை, பார்டர்லைன், வேல்ப்ரோயேட்டை நிறுத்தலாம். நல்ல வாதம்தான், ஆனால் அது போன மாதத்து நாலு நாளைப் பற்றிய வாதம். ஒரு வீச்சு ஹைப்போமேனியா அல்ல என்று காட்டிவிட்டதால், வாழ்நாளில் வேறு வீச்சே இல்லை என்று ஆகிவிடாது. இன்னொருவரிடம் கேட்காமல் ஹைப்போமேனியாவை விலக்கக் கூடாது என்பதை நான் மாற்றமில்லாத விதியாகவே வைத்திருக்கிறேன். அந்த நிலையில் இருந்தவருக்கு அது நோயாகத் தோன்றாது. வாழ்க்கையின் நல்ல பத்து நாளாகத்தான் நினைவில் இருக்கும்.

அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, ‘இவங்க குணம் இதுதான்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கே மாறா, வேற ஆள் மாதிரி இருந்த காலம் ஏதாவது உண்டாம்மா?’ என்று கேட்கிறோம். யோசித்துவிட்டுச் சொல்கிறார்: ‘ஒரு தடவ இருந்தா. காலேஜ் ரெண்டாம் வருஷம், பொங்கல் லீவு முடிஞ்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கம்மல் செய்ய உக்காந்துருவா. ஆன்லைன்ல விக்கப் போறேன்னு ஆறாயிரத்துக்குச் சாமான் வாங்கினா. பேச்சுன்னா பேச்சு, அப்படி ஒரு பேச்சு. ஆனா டாக்டர், அந்தப் பத்து நாளு எங்கிட்ட ஒரு சண்டையும் போடல.’

கடைசி வாக்கியம்தான் விலைமதிப்பற்றது. இவருடைய வழக்கமான வாழ்க்கையில் சண்டையில்லாத பத்து நாள் கிடையாது. அந்தக் காலத்தில் காதல் இல்லை, பிரிவு இல்லை, தூக்கம் மூன்று மணி நேரம், பகலில் அசதி இல்லை, புதிய வேலை ஒன்று பிறந்திருக்கிறது, பேச்சின் வேகத்தைத் தோழிகளும் கேலி செய்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போவது நிற்கவில்லை. உண்மைக்குப் புறம்பான நம்பிக்கைகளோ மருத்துவமனைச் சேர்க்கையோ இல்லை. அப்போது எந்த மருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்தோம். மனச்சோர்வு மாத்திரை, ஸ்டீராய்டு, போதைப்பொருள், தைராய்டு மிகை எல்லாம் இதே படத்தை வரைந்துகாட்டக்கூடியவை. பின்னர் என்ன ஆனது? பங்குனியிலிருந்து படுத்த படுக்கை. பன்னிரண்டு மணி நேரத் தூக்கம், குளிக்க மனமில்லை, யார் வந்து பேசினாலும் முகம் மலரவில்லை, அந்த ஆண்டுத் தேர்வை எழுதவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம்.

இதை ஒரு தாளில் வரைய வேண்டும். நடுவே ஒரு நேர்கோடு, மேலே எழுச்சி, கீழே சோர்வு, இடமிருந்து வலமாக ஆண்டுகள். நம் நோயாளிகளுக்கு ஆங்கிலத் தேதிகள் நினைவிருக்காது. பொங்கல், பங்குனி உத்திரம், செமஸ்டர் தேர்வு, தங்கையின் சடங்கு என்று நட்டுவைத்தால் மற்றவை தாமாக இடத்தில் வந்து நிற்கும். இவருடைய தாளில் இரண்டு விதமான கோடுகள் தெரிந்தன. 16 வயது முதல் இன்றுவரை இடைவிடாத சிறு பற்கள், எல்லாம் மணிக்கணக்கில். அவற்றுக்கு நடுவே 19 வயதில் ஒரேயொரு அகலமான மேடு, அதையடுத்து நீண்ட பள்ளம். மேட்டிலும் பள்ளத்திலும் அந்தப் பற்கள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன.

குடும்ப வரலாறும் அம்மாவிடமிருந்துதான் வந்தது. ‘வீட்ல யாருக்காவது மனநோய் இருக்கா?’ என்று கேட்டபோது இல்லை என்றார். ‘யாரையாவது கோயில்லயோ தர்காவுலயோ தங்கவச்சுப் பாத்தீங்களா?’ என்று கேட்டதும், தன் தம்பியைக் குணசீலத்தில் 48 நாள் வைத்திருந்ததைச் சொன்னார். அதற்கு முன் அவர் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்தாராம், நிலத்தை வந்த விலைக்கு விற்றாராம். தாய்மாமனின் இந்தக் கதை மட்டும் நோயை உறுதிசெய்யாது. ஆனால் அந்த அகலமான மேட்டுக்கு எடை கூட்டுகிறது.

எனவே முடிவு இரண்டும். இரண்டாம் வகை பைபோலார், கூடவே பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. இது சமாளிப்பு அல்ல. ஸிம்மர்மனும் மோர்கனும் 2013-இல் தொகுத்துப் பார்த்தபடி, இரண்டாம் வகை பைபோலார் உள்ளவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குப் பார்டர்லைனும் உண்டு. முதல் வகையில் சுமார் 10. இந்த ஒன்றிணைவைக் கண்டு, பார்டர்லைன் என்பதே பைபோலார் நிறமாலையின் ஒரு முனை என்று ஹகோப் அகிஸ்கல் போன்றவர்கள் வாதிட்டார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒன்றாகவே இருந்தால் பார்டர்லைன் உள்ளவர்களில் ஐந்தில் நால்வருக்கு பைபோலார் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். போக்கும் வேறு: மேரி ஜானரினி 290 நோயாளிகளைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தபோது, பார்டர்லைன் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அளவுகோல்களுக்குக் கீழே வந்துவிட்டார்கள். பைபோலார் அப்படி வயதோடு அடங்குவதில்லை.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். வீச்சுகளுக்கு இடையே முழு இயல்புநிலை இருந்தால்தான் பைபோலார் என்று பழைய புத்தகங்கள் கற்பித்தன. ஆனால் ஜட்டின் நீண்டகால ஆய்வில், இரண்டாம் வகை பைபோலார் உள்ளவர்கள் ஏறக்குறைய பாதி வாரங்களில் ஏதோ ஓர் அறிகுறியோடுதான் இருந்தார்கள், பெரும்பாலும் சோர்வு. எனவே ‘நடுவிலும் நல்லா இல்லை’ என்பதை மட்டும் வைத்து ஆளுமைக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அதேபோல் மேனியாவிலோ கடும் சோர்விலோ இருக்கும் ஒருவரின் ஆளுமையை அன்றே எடைபோடுவதும் முடியாது. அந்த வேளையில் எல்லோரும் உறவுகளைக் குலைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு நோய்கள் என்று தெரிந்தபின் சிகிச்சையில் ஒரு சிக்கல் வருகிறது, அதில்தான் பல வார்டுகளில் தடம் மாறுகிறது. இவருக்கு லாமோட்ரிஜின் தொடங்க முடிவாயிற்று. பைபோலாரின் சோர்வு வீச்சுகள் திரும்பாமல் தடுக்க அது உதவும். லித்தியம் தற்கொலை அபாயத்தைக் குறைக்கக்கூடியது, எனவே அதையும் யோசித்தோம். ஆனால் மிகையாக விழுங்கினால் ஆபத்தானது, இப்போதுதான் மாத்திரை விழுங்கி வந்திருக்கிறார். வேல்ப்ரோயேட் தொடரக் கூடாது என்பதில் விவாதமே இல்லை: 24 வயதுப் பெண், கருவுற்றால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு. அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வேல்ப்ரோயேட் உடலில் இருக்கும்வரை லாமோட்ரிஜினின் அளவு இரத்தத்தில் இரட்டிப்பாகும். ஆகவே வழக்கமான தினம் 25 மில்லிகிராமுக்குப் பதில் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 என்று தொடங்கினோம். அவசரப்பட்டால் உயிரைப் பறிக்கும் தோல் எதிர்வினை வரலாம். தோலில் தடிப்பு தெரிந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லி, ஒரு வாரத்துக்கு மட்டும் மருந்து கொடுத்து, அம்மாவின் பீரோவில் வைக்கச் சொன்னோம்.

சிக்கல் இதுதான். அடுத்த வாரமே காதலனோடு சண்டை வரும், கையை அறுத்துக்கொள்வார், வீட்டார் ‘மருந்து வேலை செய்யல’ என்று வருவார்கள். நாமும் அளவைக் கூட்டுவோம், இன்னொன்றைச் சேர்ப்போம். வேல்ப்ரோயேட் 1000 மில்லிகிராம் ஆனது அப்படித்தான். பிரிட்டனில் பார்டர்லைன் உள்ள 276 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் லாமோட்ரிஜினுக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை. அதாவது ஒரே மருந்து இந்தப் பெண்ணின் அகலமான மேடுபள்ளங்களுக்குச் சரி, சிறு பற்களுக்குப் பயனற்றது. எனவே எந்தக் கோட்டை வைத்து அதை எடைபோடப் போகிறோம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். ‘லாமோட்ரிஜினின் இலக்கு: வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வு, நாள்கணக்கில் நீடிக்கும் எழுச்சி. மாலைநேரச் சண்டைகளுக்காக அளவை மாற்றக் கூடாது.’ அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்க்கும்போது இந்த இரண்டு வரிதான் நோயாளியைக் காப்பாற்றும்.

சிறு பற்களுக்கு மருந்தல்ல, திறன்பயிற்சி. மார்ஷா லினஹன் 1991-இல் முதல் ஆய்வை வெளியிட்ட இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. முழு வடிவில் அதை நடத்த ஆளில்லாத இடங்களே அதிகம். அப்போதும் வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் ஒரே மருத்துவர் பார்ப்பது, அறுத்துக்கொள்வதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை நிமிடம் நிமிடமாகச் சேர்ந்து ஆராய்வது, நெருக்கடியில் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்று எழுதிக் கொடுப்பது ஆகியவற்றை எந்த மருத்துவமனையிலும் செய்ய முடியும். 

நோயாளியிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. வரைந்த தாளையே அவர் முன் வைத்து, ‘இந்தச் சின்னச் சின்ன ஏத்த இறக்கம் ஒண்ணு, இந்தப் பெரிய மேடு வேற ஒண்ணு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற’ என்று சொன்னோம். ‘அப்ப நான் நடிக்கலைன்னு இப்பவாவது நம்புறீங்களா?’ என்றார். முந்தைய மருத்துவமனையில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ‘நடிப்புன்னு இதுல எங்கேயும் எழுதல’ என்று பயிற்சி மருத்துவர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு நாட்குறிப்பு கொடுத்தோம். தினமும் மூன்று வேளை மனநிலைக்கு மதிப்பெண், தூங்கிய மணிநேரம், மறுநாள் அசதி உண்டா இல்லையா, அன்று யாருடன் என்ன நடந்தது. மூன்று வேளை வேண்டும். ஒருவேளை மட்டும் குறித்தால் மணிக்கணக்கு மாற்றங்கள் தெரியாமல் போகும். தொடர்ந்து நான்கு நாள் தூக்கம் குறைந்து, அசதியும் இல்லாமல், மூன்று வேளை மதிப்பெண்ணும் ஒரே உயரத்தில் நின்றால், அது காதலனைப் பற்றிய எந்தக் குறிப்பும் இல்லாத வாரமாக இருந்தால், பைபோலார் முடிவு வலுப்படும். அன்றே வரச் சொல்லியிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு அப்படி ஒன்றுமே வரவில்லை, தாயின் விவரிப்பைத் தோழிகளோ ஆசிரியர்களோ உறுதிசெய்யவும் இல்லை என்றால், 19 வயதின் அந்த மேட்டை மறுபடி எடுத்துவைத்துக் கேட்போம், தேவைப்பட்டால் சீட்டிலிருந்து பைபோலாரை அடிப்போம். காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுவோம்.